அந்த இரண்டாவது மதிப்பெண்

‘கர்மவினை மீதான நம்பிக்கை இன்றைய இந்துக்களின் வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு இரண்டு வழிகளை விளக்குக.’ மொத்தம் 4 மதிப்பெண். இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. சமயக் கல்வித் தேர்வின் வார்ப்பில் இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்த கேள்வி இது. சைவக் குடும்பத்தில் வளர்ந்த ஒரு மாணவி இதற்கு இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “நாம் செய்த வினைக்கு ஏற்ற பலனைச் சிவபெருமான்தான் கொடுக்கிறார். அதனால் கஷ்டம் வரும்போது கோவிலுக்குப் போய், அதைத் தாங்கும் பலத்தைக் கேட்டு வழிபடுவோம்.”

இந்த விடைத்தாளைத் திருத்துபவர் இந்துவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கர்மம் என்பது தானாகவே இயங்கும் ஒரு நியதி, அங்கே தீர்ப்புச் சொல்லும் கடவுள் யாரும் இல்லை என்று ஒரு பாடநூலில் அவர் படித்திருக்கலாம். பல இந்து மரபுகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தப் படிப்போடு இந்த விடையைப் பார்த்தால், ‘கடவுளின் தண்டனை என்று குழப்பிக்கொண்டாள்’ என்று நினைத்துச் சுழியம் போட்டுவிட வாய்ப்பு உண்டு. ஆனால் சைவ சித்தாந்தத்தில் வினைப்பயனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவனே. வினை அறிவற்ற பொருள், தானே வந்து உயிரைப் பற்றாது என்பது அந்தத் தத்துவத்தின் அடிப்படையான வாதங்களில் ஒன்று. ஆகவே மாணவி எழுதியது சரி. அவளுக்கு மதிப்பெண் கிடைக்குமா என்பது திருத்துபவரின் நல்ல மனதைப் பொறுத்தது அல்ல. கேள்வித்தாளோடு சேர்த்து எழுதப்பட்ட மதிப்பெண் திட்டத்தில் அவள் சொன்னதற்கு இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் விடைக்குறிப்பு என்றும், இலங்கையில் புள்ளித்திட்டம் என்றும் சொல்வது இதைத்தான். கணக்குக்கோ வேதியியலுக்கோ அதை எழுதுவது ஒருவகை வேலை. சமயக் கல்விக்கு எழுதுவது வேறுவகை. இங்கே சரியான விடை ஒன்று அல்ல. ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்களே ஒன்றுக்கொன்று முரணானதை நம்புகிறார்கள், அத்தனையும் அந்தச் சமயத்துக்குள் சரி. அதே நேரம், எதை எழுதினாலும் சரி என்று விட்டுவிட்டால் அது தேர்வாகவும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடும் வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரே கேள்வியை வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முதலில் தேர்வின் அமைப்பு. இங்கிலாந்தின் தேர்வு வாரியங்களில் ஒன்றான ஏ.க்யூ.ஏ. நடத்தும் சமயக் கல்வித் தேர்வில், இப்போதுள்ள பாடத்திட்டப்படி 2018 முதல் தேர்வுகள் நடக்கின்றன. மாணவர்கள் இரண்டு சமயங்களைப் படித்தாக வேண்டும். கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், யூதம், சீக்கியம் ஆகியவற்றோடு இந்து சமயமும் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்று. ஒவ்வொரு சமயத்திலும் நம்பிக்கைகள் ஒரு பகுதி, வழிபாட்டு நடைமுறைகள் இன்னொரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து கேள்விகள், ஒரே வரிசையில்: 1 மதிப்பெண், 2, 4, 5, கடைசியாக 12. கூட்டினால் 24. முதல் கேள்வி நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்வது. 12 மதிப்பெண் கேள்வி ஒரு கூற்றைக் கொடுத்து, அதை இரு பக்கமும் ஆராயச் சொல்வது. நடுவில் இருக்கும் மூன்றுமே குறுவிடைகள். மதிப்பெண் திட்டத்தை எழுதுகிறவரின் திறமை அதிகமாகச் சோதிக்கப்படும் இடமும் அந்த மூன்றுதான்.

2 மதிப்பெண் கேள்வி பார்க்க எளிது. ‘இந்துக்கள் வீட்டில் வழிபடும் இரண்டு வழிகளைக் குறிப்பிடுக.’ ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒரு மதிப்பெண். திட்டத்தில் ஏற்கத்தக்க விடைகளின் பட்டியல் இருக்கும்: விளக்கேற்றுவது, பூ வைப்பது, நைவேத்தியம் படைப்பது, மந்திரம் ஜபிப்பது, பாடுவது, தியானம், சுவாமி படத்துக்கோ சிலைக்கோ பூஜை செய்வது. கடைசியில் ‘பொருத்தமான வேறு விடைகளையும் ஏற்கவும்’ என்று ஒரு வரி. அது இல்லாத பட்டியல் ஆபத்தானது. வாசலில் கோலம் போடுவது என்று ஒரு பிள்ளை எழுதினால், பட்டியலில் இல்லை என்பதற்காகத் தவறாகிவிடக் கூடாது.

ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி எழுதப்படும் திட்டமும் நல்ல திட்டம் அல்ல. பட்டியலின் உண்மையான பயன், எது எதோடு ஒன்று என்று திருத்துபவருக்குச் சொல்வது. ‘தீபம் ஏற்றுவது’ ஒரு விடை, ‘குத்துவிளக்கு ஏற்றுவது’ இன்னொரு விடை என்று ஒரு மாணவன் எழுதினால் எத்தனை மதிப்பெண்? ஒன்றுதான். அதனால் திட்டத்தில் ஒரே கருத்தின் பல வடிவங்கள் ஒரே வரியில் சாய்கோட்டால் பிரித்து எழுதப்படுகின்றன: விளக்கு / தீபம் / அகல். அடுத்த வரிக்கு இறங்கினால்தான் அது தனிக் கருத்து. இந்தச் சாய்கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதை வைத்தே திட்டம் எழுதியவருக்குப் பாடம் எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடலாம். தீபாராதனையையும் விளக்கேற்றுவதையும் ஒரே வரியில் போட்டால் அது பிழை. ஒன்று தெய்வத்துக்கு முன் சுடரைச் சுற்றிக் காட்டும் உபசாரம், மற்றொன்று விளக்கை ஏற்றி வைப்பது. வீட்டில் வளர்ந்த பழக்கம் இல்லாத ஒருவர் இரண்டும் நெருப்புதானே என்று ஒன்றாக்கிவிடுவார்.

இன்னொன்று, கேள்வி இரண்டு கேட்டால் ஐந்தை எழுதிவைக்கும் மாணவன். அவன் எழுதிய ஐந்தில் மூன்று தவறு, இரண்டு சரி. சரியானதை மட்டும் தேடி எடுத்து மதிப்பெண் கொடுத்தால், தெரிந்து எழுதியவனுக்கும் வலை வீசியவனுக்கும் வித்தியாசம் இருக்காது. அதனால் எண்ணிடப்பட்ட ஒவ்வொரு கோட்டிலும் முதலில் எழுதியதை மட்டும் கணக்கில் எடுப்பது என்பது போன்ற ஒரு விதியைத் திட்டமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு திருத்துபவரும் தன் மனச்சாட்சிப்படி இதை முடிவுசெய்தால், ஒரே விடைக்கு ஒருவர் 2 போடுவார், இன்னொருவர் 1 போடுவார்.

இனி நம் கர்மவினைக் கேள்வி. இதில் 4 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதுதான் முக்கியம். பொருத்தமான நான்கு கருத்துகளுக்கு நான்கு மதிப்பெண் என்று வைக்கலாம். அப்படி வைத்தால் என்ன ஆகும்? ‘உதவி செய்வார்கள், பொய் சொல்ல மாட்டார்கள், கோவிலுக்குப் போவார்கள், மாமிசம் உண்ண மாட்டார்கள்’ என்று நான்கு துண்டுகளை எழுதிவிட்டு மாணவன் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். ‘விளக்குக’ என்று கேட்ட கேள்விக்கு அவன் எதையுமே விளக்கவில்லை. இந்த நான்கில் எதுவும் கர்மவினையோடு எப்படிச் சேர்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியும் இல்லை. எந்தச் சமயத்தின் கேள்விக்கும் இதே நான்கை எழுதியிருக்கலாம்.

ஆகவே ஏ.க்யூ.ஏ. முறையில் இந்த நான்கு, இரண்டும் இரண்டுமாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வழிக்கு: எளிய விளக்கம் என்றால் 1, விரிவான விளக்கம் என்றால் 2. இரண்டாவது வழிக்கும் அதே. மேலே சொன்ன நான்கு துண்டு விடை இந்த முறையில் 2-க்கு மேல் போகாது. எத்தனை வழிகளை அடுக்கினாலும் இரண்டுதான் எண்ணப்படும், ஒவ்வொன்றும் எளிய நிலையிலேயே நிற்கும். 1, 2 என்ற இந்தச் சின்னப் படிநிலையில்தான் முழுத் தேர்வின் தரமும் தொங்குகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த இரண்டாவது மதிப்பெண்ணை எது சம்பாதிக்கிறது என்பதை வார்த்தையில் வடிப்பது கடினம்.

‘விரிவான விளக்கம்’ என்று மட்டும் எழுதிவைத்தால், சிலர் நீளத்தை விரிவு என்று எடுத்துக்கொள்வார்கள். இது அடிக்கடி நடக்கும் பிழை. “கர்மவினையை நம்புவதால் இந்துக்கள் நல்லதே செய்வார்கள். கெட்டது செய்யவே மாட்டார்கள். எப்போதும் நல்லவர்களாக நடந்துகொள்ள முயல்வார்கள்.” மூன்று வாக்கியம். ஆனால் சொன்னது ஒன்றே. மூன்று முறை சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு 1. மாறாக, “அடுத்த பிறவி இந்தப் பிறவியின் செயலைப் பொறுத்தது என்பதால் நல்லது செய்வார்கள்” என்பது ஒரே வாக்கியம்தான், இதற்கு 2. செயலுக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு காரணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நான் திட்டம் எழுதினால், விரிவு என்பதை இப்படிச் சொல்வேன்: முதலில் சொன்ன கருத்தோடு ஒட்டிய ஒரு காரணமோ, விளைவோ, குறிப்பான உதாரணமோ, சமய நூலின் போதனையோ சேர்ந்தால் அது விரிவு. அதே கருத்தை வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது விரிவு அல்ல. இதன் கீழே, இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி வாக்கியத்தைப் போட்டுவிட்டால் போதும். திருத்துபவர் விதியை விட மாதிரியைத்தான் நினைவில் வைப்பார்.

அடுத்த சிக்கல், கேள்வியின் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கேட்டது கர்மவினை என்றால் என்ன என்று அல்ல, அது வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்று. “கர்மம் என்றால் நாம் செய்யும் செயலுக்கு அதற்கேற்ற பலன் உண்டு. நல்லது செய்தால் நல்லது நடக்கும், தீயது செய்தால் தீயது நடக்கும்.” படித்த பிள்ளை எழுதிய அழகான விடை. ஒரு சொல் தவறில்லை. ஆனால் யாருடைய வாழ்வும் இதில் மாறவில்லை. திட்டம் மௌனமாக இருந்தால் இரக்கப்பட்டு 2 கொடுப்பவரும் உண்டு, கேள்விக்குப் பதில் இல்லை என்று 0 கொடுப்பவரும் உண்டு. ஒரே விடைத்தாளில் 2 மதிப்பெண் வித்தியாசம். இங்கே திட்டம் கறாராகச் சொல்ல வேண்டும்: விளக்கவுரை மட்டும் இருந்தால் மதிப்பெண் இல்லை, ஆனால் அதே விளக்கவுரை ஒரு செயலோடு, மனநிலையோடு இணைக்கப்பட்டால் அது இரண்டாவது மதிப்பெண்ணுக்கான விரிவாகக் கொள்ளப்படும். மாணவனுக்குக் கடுமையாகத் தெரியலாம். ஆனால் கேட்டதற்கு எழுதிய பக்கத்து மேசைப் பிள்ளைக்கு நியாயம் அதுதான்.

இப்போது ஒரு சிக்கலான விடையை எடுத்துப் பார்ப்போம். “கர்மவினையை நம்புவதால் இந்துக்கள் மற்றவர்களுக்கு உதவுவார்கள். அன்னதானம் செய்வார்கள்.” மாணவன் இரண்டு வழிகள் எழுதியதாக நினைக்கிறான். அன்னதானம், உதவி என்பதற்கு ஓர் உதாரணம்தானே? அப்படியென்றால் இது ஒரே வழி, உதாரணத்தோடு விரிந்தது: 2. தனித்தனி வழிகள் என்று எடுத்தாலும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 1: மொத்தம் 2. எப்படிப் பார்த்தாலும் விடை ஒன்றே என்பதால் இங்கே தகராறு இல்லை.

அவன் இன்னொரு வாக்கியம் சேர்க்கிறான்: “அன்னதானம் பெரிய புண்ணியம், அது அடுத்த பிறவியில் பலன் தரும் என்று நம்புவார்கள்.” இப்போது கணக்கு மாறுகிறது. எல்லாம் ஒரே வழி என்றால் அந்த வழிக்கு உச்சம் 2. மூன்றாவது வாக்கியத்துக்கு ஒன்றும் இல்லை. உதவுவது ஒரு வழி, அன்னதானமும் புண்ணியமும் சேர்ந்து இரண்டாவது வழி என்றால் 1 கூட்டல் 2, ஆக 3. இரண்டு திருத்துபவர்கள் நேர்மையாகவே வேறுபடக்கூடிய இடம் இது. நான் மாணவனுக்குச் சாதகமான வாசிப்பையே திட்டத்தில் எழுதுவேன், ஒரு நிபந்தனையோடு: எந்தச் சொற்றொடரும் இரு முறை எண்ணப்படக் கூடாது. அதாவது அன்னதானத்தை முதல் வழியின் உதாரணமாக எடுத்து 2 கொடுத்துவிட்டால், அதையே இரண்டாவது வழியின் தொடக்கமாகவும் எடுத்து 4 வரை கொண்டுபோக முடியாது. நிபந்தனை இல்லாமல் ‘மாணவருக்குச் சாதகமாக’ என்று மட்டும் எழுதினால், அந்த 4 சில கைகளில் கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் பாடத்திலும் ஓரளவு வரக்கூடியது. சமயக் கல்விக்கே உரிய கடினம் அடுத்ததில் இருக்கிறது: எதை ‘இந்துக்களின் நம்பிக்கை’ என்று ஏற்பது.

ஒரு பிள்ளை எழுதுகிறது: “பிற உயிரைக் கொன்றால் பாவம் சேரும் என்பதால் இந்துக்கள் மாமிசம் சாப்பிட மாட்டார்கள்.” சாப்பிடும் இந்துக்கள் கோடிக்கணக்கில் உண்டு என்பது நமக்குத் தெரியும். ‘சில இந்துக்கள்’ என்று எழுதவில்லை என்பதற்காக மதிப்பெண்ணை மறுக்கலாமா? மறுக்கக் கூடாது என்பேன். கேள்வி கேட்பது நம்பிக்கை வாழ்வைப் பாதிக்கும் வழியை. அந்த வழி உண்மையிலேயே இருக்கிறது, காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. 2 கொடுக்க வேண்டும். எல்லாரும் அப்படியா என்ற நுணுக்கத்தை 12 மதிப்பெண் கேள்வியில் எதிர்பார்க்கலாம், அங்கே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொரு பிள்ளை: “துன்பம் வந்தால் அது முற்பிறவியில் செய்த வினை என்று ஏற்றுக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள்.” இது விதியே என்று கிடப்பதைச் சொல்கிறது, உண்மையான இந்து சமயம் அப்படிப் போதிக்கவில்லை என்று கோபப்படும் ஆசிரியர்களை எளிதில் கற்பனை செய்யலாம். அந்தக் கோபத்துக்கு அடிப்படை இருக்கலாம். ஆனால் இது பலர் மனதாரக் கைக்கொள்ளும் நம்பிக்கை. நம் பாட்டிமார் எத்தனை இழப்புகளை இந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறார்கள். மதிப்பெண் திட்டம் சமயத்தைச் சீர்திருத்தும் கருவி அல்ல. இதற்கும் 2.

எல்லை எங்கே வருகிறது என்றால், “ஏழைகளும் நோயாளிகளும் முற்பிறவியில் பாவம் செய்தவர்கள், அதனால் இந்துக்கள் அவர்களுக்கு உதவ மாட்டார்கள்” என்று ஒருவன் எழுதும்போது. இது வேதனை தரும் விடை, ஆகவே இதைத் திருத்துபவரின் உணர்ச்சிக்கு விடாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறவி நிலையை முன்வினையோடு இணைக்கும் கருத்து மரபில் இருக்கிறது. சாதி ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த அது பயன்படுத்தப்பட்டதும் வரலாறு. ‘சிலர் இப்படிக் கருதி ஒதுங்கினார்கள்’ என்று எழுதியிருந்தால் அது உண்மையான ஒரு தாக்கம், மதிப்பெண் உண்டு. ஆனால் ‘இந்துக்கள் உதவ மாட்டார்கள்’ என்பது சேவையையும் தானத்தையும் கடமையாகக் கொண்ட ஒரு சமயத்தைப் பற்றிய பிழையான கூற்று. அதை ஏற்க முடியாது. இங்கே மறுப்பதற்குக் காரணம் அது புண்படுத்துகிறது என்பது அல்ல, அது தவறு என்பதே. இந்தக் காரணத்தையும் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண்படுத்துவதையெல்லாம் தவறு என்றும், இனிப்பானதையெல்லாம் சரி என்றும் அடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன சைவ மாணவியின் விடைக்கு இப்போது வரலாம். ஒரு வழிதான் எழுதியிருக்கிறாள், ஆகவே உச்சம் 2. கஷ்டத்தில் கோவிலுக்குப் போய் வழிபடுவது தாக்கம். பலனைக் கொடுப்பவன் இறைவன் என்பது காரணம். 2 முழுதாகக் கிடைக்க வேண்டும். அதைத் திட்டத்தில் உறுதிசெய்ய, ‘வினைப்பயனை இறைவன் வழங்குகிறான் என்ற நம்பிக்கை (சைவம் முதலிய மரபுகள்): வழிபாடு, நேர்த்திக்கடன், அருளை வேண்டுதல்’ என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத, திட்டம் எழுதும் குழுவில் சைவ மரபு தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்துப் பள்ளிகளில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சமயம் பாடநூலின் சமயத்திலிருந்து விலகியிருக்கும் இடங்களை முன்கூட்டியே தேடிப் பார்ப்பது சலுகை அல்ல, வேலையின் பகுதி.

5 மதிப்பெண் கேள்வி, இந்த 4-இன் அமைப்போடு ஒரு மதிப்பெண் கூடுதல். அந்த ஐந்தாவது, சமய நூலையோ சமய போதனையின் வேறொரு மூலத்தையோ பொருத்தமாகவும் சரியாகவும் சுட்டியதற்கு. கேட்க எளிது. ஆனால் ‘பகவத் கீதையில் சொல்லியிருக்கிறது’ என்று எழுதினால் போதுமா? என்ன சொல்லியிருக்கிறது என்று வராதவரை அது சுட்டல் ஆகாது, வெறும் பெயர். மறுபக்கம், அத்தியாயமும் சுலோக எண்ணும் கேட்பது அநியாயம். பழைய உடையைக் களைந்து புதியதை உடுப்பதுபோல ஆன்மா உடலை மாற்றிக்கொள்கிறது என்று கீதை சொல்வதாக மாணவன் தன் சொல்லில் எழுதினால் மதிப்பெண் தந்துவிடலாம். அது 2-ஆம் அத்தியாயத்தின் 22-ஆவது சுலோகம் என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கேயும் பட்டியல் வடமொழி நூல்களோடு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. ஒரு சைவப் பிள்ளை தேவாரத்தையோ திருவாசகத்தையோ சுட்டி, அதில் சொன்னதைச் சரியாக எழுதினால், அவை பன்னிரு திருமுறையில் சேர்ந்தவை, சைவர்களுக்குச் சமய நூல்கள், ஏற்கத்தக்கவை. திருக்குறளைச் சுட்டினால்? அது எந்தச் சமயத்துக்கும் உரியது என்று யாரும் முடித்துச் சொல்லாத நூல். ஆனால் கேள்வி சமய நூலை மட்டும் கேட்கவில்லை, போதனையின் வேறு மூலத்தையும் அனுமதிக்கிறது. தமிழ் இந்துக்கள் அதிலிருந்து ஊழையும் அறத்தையும் கற்கிறார்கள் என்பதால் நான் ஏற்பேன். இந்த முடிவை விவாதிக்கலாம். ஆனால் தேர்வுக்கு முன்பே விவாதித்து எழுதிவைக்க வேண்டும்.

12 மதிப்பெண் கேள்விக்குத் திட்டம் முற்றிலும் வேறு மாதிரி. அங்கே கருத்துகளை எண்ணுவதே இல்லை. 1 முதல் 3, 4 முதல் 6, 7 முதல் 9, 10 முதல் 12 என்று நான்கு நிலைகள்; ஒவ்வொன்றுக்கும் விடையின் தன்மையைச் சொல்லும் ஒரு குறிப்பு. திருத்துபவர் அடிநிலையிலிருந்து ஏணிபோல மேலே ஏறிப் பார்த்து, விடை எந்த நிலையோடு அதிகம் பொருந்துகிறதோ அங்கே நிற்பார். பிறகு அந்த நிலைக்குள் எத்தனை என்று முடிவு செய்வார். ஒரே பக்கத்தை மட்டும் வாதிட்டாலோ, சமயத்தைத் தொடாமல் பொதுவாக எழுதினாலோ இரண்டாம் நிலைக்கு மேல் போக முடியாது. இந்த முறையில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வித்தியாசம் திருத்துபவர்களிடையே இயல்பாகவே வரும், அதைக் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. குறுவிடையில் அந்தச் சாக்கு கிடையாது. அங்கே வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் திட்டம்தான் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது.

அந்தக் குறை எப்படித் தெரியவரும்? எழுதியவர் தன் திட்டத்தைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் மனதில் இருக்கும் விதிகள், தாளில் இருப்பதாகவே அவருக்குத் தெரியும். கேள்வியை ஒரு வகுப்புக்குக் கொடுத்து விடைகளை வாங்கி, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் திருத்தி, பிறகு மதிப்பெண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதே வழி. இருவரும் வேறுபட்ட விடைகளை மட்டும் எடுத்து, எந்த வரியைப் படித்து அப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். ‘இந்த வரியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று சொன்னால் வரியைத் திருத்தலாம். ‘வரி எதுவும் இல்லை, எனக்குத் தோன்றியது’ என்று சொன்னால் அங்கே ஒரு வரி எழுத வேண்டும். வேறுபாடு இல்லாமலே வரும் ஒரு குறையும் உண்டு: இருவருமே சுழியம் போட்ட விடைகள். அவற்றை அந்தச் சமயத்துக்குள் வாழும் ஒருவரிடம் காட்ட வேண்டும். சைவ மாணவியின் விடை போன்றவை அங்கேதான் அகப்படும். இருவரும் ஒத்துப்போனதாலேயே யார் கண்ணுக்கும் படாமல் போயிருக்கும்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறி எழுதும் பிள்ளையும் அதைத் திருத்தும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒரே மரபில் வளர்ந்தவர்கள். அன்னியத்தால் வரும் தவறு அங்கே குறைவு. நெருக்கத்தால் வரும் தவறு இருக்கக்கூடும்: மாணவன் எழுதாததையும் திருத்துபவர் தன் அறிவால் நிரப்பிப் படித்துவிடுவது. ‘மும்மலம்’ என்று ஒரு சொல்லைப் பார்த்ததும் ஆணவம், கன்மம், மாயை மூன்றும் அவர் மனதில் வந்துவிடும், பிள்ளை அவற்றை எழுதியிருக்காவிட்டாலும். அப்படிப்பட்ட இடத்தில் திட்டம் விடைகளை விரிப்பதை விட, ‘பெயர் மட்டும் எழுதினால் 1, விளக்கினால் 2’ என்று கோட்டை இறுக்கிப் போட வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் தேர்வு முடிந்த பிறகும் திட்டம் மூடப்படுவதில்லை. உண்மையான விடைத்தாள்கள் சிலவற்றை மூத்த திருத்துபவர்கள் முதலில் பார்க்கிறார்கள்; யாரும் நினைத்துப் பார்க்காத சரியான விடைகள் அப்போது வந்து விழும். அவை திட்டத்தில் சேர்க்கப்படும், தெளிவில்லாத வரிகள் திருத்தப்படும், அதன் பிறகே எல்லாத் திருத்துபவர்களுக்கும் ஒரே அளவுகோல் பயிற்றுவிக்கப்படும். திருத்தல் கணினித் திரையில் நடக்கும்போது, மதிப்பெண் முன்பே முடிவுசெய்யப்பட்ட விடைகள் நடுநடுவே கலந்து வரும்; எது அப்படிப்பட்டது என்று திருத்துபவருக்குத் தெரியாது. அவர் போடும் மதிப்பெண் முடிவுசெய்யப்பட்டதிலிருந்து அளவுக்கு மீறி விலகினால் அவருடைய திருத்தல் நிறுத்தப்பட்டு, குழுத் தலைவர் அவரிடம் பேசுவார். திட்டத்தில் இல்லாத, ஆனால் சரியாக இருக்கக்கூடும் என்று தோன்றும் விடை கிடைத்தால், தன் முடிவாக மதிப்பெண் போடாமல் அதைக் குழுத் தலைவருக்கு அனுப்புவதே நல்ல திருத்துபவரின் பழக்கம்.

சமயம் கற்பிக்கும் ஆசிரியர் தன் வகுப்புத் தேர்வுக்கு இத்தனை பேரைத் திரட்ட முடியாது. ஆனால் கேள்வியை எழுதும்போதே திட்டத்தையும் எழுதலாம். இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். ‘இரண்டு வழிகளை விளக்குக’ என்று எழுதிவிட்டு, ஒன்றையொன்று மூடாத நான்கு வழிகளைக்கூடத் தன்னால் பட்டியலிட முடியவில்லை என்றால், கேள்வியே குறுகியது என்று அப்போதே தெரிந்துவிடும். இருபது வழிகள் வந்தால் கேள்வி மிக விரிந்தது. திருத்தத் தொடங்கிய பிறகு எந்த விடையையும் புதிதாக ஏற்க நேர்ந்தால், அதைத் திட்டத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு, அதுவரை திருத்திய தாள்களுக்குத் திரும்பிப் போய் அதே விடைக்குச் சுழியம் போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். முதலில் திருத்திய பத்துப் பிள்ளைகள், பட்டியலின் அகரவரிசையில் முன்னால் வந்ததற்காக மதிப்பெண் இழக்கக் கூடாது.